14 மணி நேர கல்யாண ஷூட்: இரண்டாவது ஸ்லாட்டில் ராவா, ஜேபெக்கா? கார்டு கணக்கு எப்படிப் போடுவது?

வைகறை

வணக்கம். காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை ஒரே ஆளாகக் கல்யாண ஷூட். 24 மெகாபிக்சல் பாடி இரண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு எஸ்டி ஸ்லாட். ஒன்றில் மிட் ஜூம், இன்னொன்றில் டெலி. மொத்தம் 4000 ஃப்ரேம் வரும் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் 2500 மிட் ஜூமில், 1500 டெலியில்.

இப்போதைய செட்டிங்: முதல் ஸ்லாட்டில் 14 பிட் லாஸ்லெஸ் ரா, இரண்டாவதில் ஜேபெக். கையில் 128 ஜிபி கார்டு 2, 64 ஜிபி கார்டு 4. எல்லாமே ஒரே மாடல், யூஹெச்எஸ்-2, வி60.

என் குழப்பம் இதுதான். 64 ஜிபி கார்டைப் போட்டால் கேமரா சுமார் 900 படம்தான் பிடிக்கும் என்று காட்டுகிறது. அந்தக் கணக்கில் 4000 படத்துக்கு ரா மட்டுமே ஐந்து கார்டு தின்றுவிடும். இரண்டு ஸ்லாட்டிலும் ரா எழுத நினைத்தால் பத்து. ஜேபெக்கை இரண்டாவது ஸ்லாட்டில் வைத்திருப்பதே போதுமா? இன்னொன்று, அன்று இரவே 40 படம் அனுப்பவேண்டும்.

மேடைவிளக்கு

தம்பி, முதல்ல அந்த லாஸ்லெஸ் கம்ப்ரெஸ்ஸை எடுத்துட்டு அன்கம்ப்ரெஸ்டு போடு. கம்ப்ரெஸ்னு பேர்ல இருந்தாலே ஏதோ ஒண்ணு போகுதுன்னுதான் அர்த்தம். கல்யாணம் மறுபடி நடக்காது, அதுல போய் இடத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது. ஜேபெக் பக்கமே போகாதே. 8 பிட். ஒயிட் பேலன்ஸ் தப்பாச்சுன்னா முடிஞ்சுது கதை.

128 கார்டையும் நம்பாதே. 64 தான் சரி. ஒரு கார்டு போனா பாதி நாள்தான் போகும், முழு நாளும் போகாது.

நீலக்குடை

கார்டைவிட ஹார்ட் டிஸ்க்தான் முக்கியம் நண்பரே. 4 டிபி போர்ட்டபிள் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றில் எல்லாக் கல்யாணமும், இன்னொன்றில் அதன் நகல். வருடம் முடிந்ததும் தேதி எழுதி எடுத்து வைத்துவிடலாம். க்ளவுடில் ஏற்றினால் இன்னும் நிம்மதி.

பிரிஸம்_45

நீலக்குடை, அது கல்யாணம் முடிந்த பிறகு வரும் கேள்வி. இவர் கேட்பது கேமராவுக்குள் இருக்கும் 14 மணி நேரத்தைப் பற்றி.

வைகறை, அந்த 900 என்ற எண்ணை நம்பித் திட்டம் போடாதீர்கள். லாஸ்லெஸ் ரா ஒரே அளவில் வராது. படத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். படம் எடுப்பதற்கு முன் கேமராவுக்கு அது தெரியாது. அதனால் பெரிய ஃபைலாகவே வரும் என்று வைத்துக்கொண்டு பயந்த கணக்கு ஒன்றைக் காட்டுகிறது. எடுத்துக்கொண்டே அந்த எண்ணைக் கவனியுங்கள். ஒரு படம் எடுத்தால் ஒன்று குறையாது, இரண்டு படத்துக்கு ஒன்று என்ற மாதிரிதான் இறங்கும்.

சரியான எண் உங்கள் பழைய ஃபோல்டரிலேயே இருக்கிறது. இதே பாடியில் எடுத்த ஏதாவது ஒரு நிகழ்ச்சியின் ரா ஃபோல்டரைத் திறந்து, மொத்த அளவை ஃபைல் எண்ணிக்கையால் வகுங்கள். அதைப் பகல் படங்களுக்குத் தனியாகவும், இருட்டில் 3200, 6400 ஐஎஸ்ஓவில் எடுத்தவற்றுக்குத் தனியாகவும் செய்யுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. நாய்ஸ் என்பது ஒழுங்கில்லாத தகவல். அதைச் சுருக்க வழியில்லை, அதனால் ஐஎஸ்ஓ ஏற ஏற ஃபைலும் வீங்கும். 24 மெகாபிக்சலில் பகலுக்கு 28 எம்பி, இரவுக்கு 32 எம்பி என்ற அளவில் வரலாம். உங்கள் எண் வேறாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நாளில் 60 சதவீதம் வெளிச்சத்தில், 40 சதவீதம் இருட்டில் என்றால் சராசரி 30 எம்பிக்குச் சற்றுக் கீழே. 30 என்றே வைப்போம்.

மிட் ஜூம் பாடி: 2500 × 30 = 75 ஜிபி. கால் பங்கு கூடுதலாக ஒதுக்கினால் 94.
டெலி பாடி: 1500 × 30 = 45 ஜிபி. அதே கால் பங்கோடு 56.

இப்போது கையில் இருப்பதைப் பாருங்கள். 128 இரண்டும் மிட் ஜூம் பாடிக்கு, 64 இரண்டு டெலி பாடிக்கு. இரண்டு பாடியிலும் இரண்டு ஸ்லாட்டிலும் முழு ரா, `Backup` முறையில். இன்னும் இரண்டு 64 கார்டு பையில் மீதம். எதையும் வாங்கவேண்டியதில்லை. ஜேபெக்கா ராவா என்ற கேள்விக்கே உங்கள் விஷயத்தில் வேலை இல்லை.

அன்கம்ப்ரெஸ்டு பற்றி: லாஸ்லெஸ்ஸில் ஒரு பிட்கூடப் போவதில்லை. திறக்கும்போது சென்சார் கொடுத்த அதே எண்கள் திரும்ப வரும். 24 மில்லியன் பிக்சல், தலைக்கு 14 பிட் என்றால் 42 எம்பி. சில கேமராக்கள் அதை 16 பிட்டாக நிரப்பி எழுதுவதால் 48ஐத் தொடும். 4000 படத்துக்கு 120 ஜிபி என்பது 190 ஆகும், படத்தில் ஒரு வித்தியாசமும் இருக்காது. பஃபரும் சீக்கிரம் நிரம்பும்.

மேடைவிளக்கு

லாஸ்லெஸ் சரி, ஒத்துக்கறேன். ஆனா சில பிராண்டுல வெறும் கம்ப்ரெஸ்டுன்னு போட்டிருக்கும், லாஸ்லெஸ்னு இருக்காது. அதுல போகும். இருட்டு பேக்ரவுண்டுல கூர்மையான லைட் ஓரத்தைச் சுத்தி சொரசொரன்னு வரும், நல்லாத் தெரியும்.

பிரிஸம்_45

அது உண்மை. மெனுவில் `Lossless` என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் `Compressed` என்றால் பெரும்பாலும் லாஸிதான். ஷேடோவை இரண்டு மூன்று ஸ்டாப் தூக்கும்போது, அதிலும் நீங்கள் சொன்ன மாதிரி கறுப்பின் நடுவே பளிச்சென்ற விளிம்பு இருந்தால் தெரியும். எக்ஸ்போஷர் சரியாக இருக்கும் முகத்தில் கண்டுபிடிக்க முடியாது.

வைகறை

மிக்க நன்றி. 900 என்ற எண்ணைப் பார்த்துத்தான் பயந்தேன். பழைய ஃபோல்டரில் பார்த்தேன்: பகல் 27, இரவு 33. நீங்கள் சொன்னதோடு ஒத்துப்போகிறது.

ஒரு சந்தேகம். இரண்டாவது ஸ்லாட்டில் ஜேபெக் இருந்தால் என்ன நஷ்டம்? முதல் கார்டு போனால்தானே அது தேவைப்படும்? எழுதும் வேகமாவது மிச்சமாகுமே.

பிரிஸம்_45

முதல் கார்டு போகும் நாளை நினைத்துத்தான் இரண்டாவதை வைக்கிறோம். அந்த நாளில் 2500 படமும் ஜேபெக்காக மட்டுமே இருக்கும். சீரான வெளிச்சத்தில் எடுத்தவை பிழைத்துவிடும். ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் ஒரே முகத்தில் விழுந்தவை, நீல எல்இடி மேடையில் எடுத்தவை, வெள்ளை உடையில் மடிப்பு தெரியாமல் வெளுத்தவை ஆகியவற்றில் கை வைக்க இடம் இருக்காது. மேடைவிளக்கு சொன்னதில் ஒரு திருத்தம்: ஜேபெக்கில் ஒயிட் பேலன்ஸைக் கொஞ்சம் நகர்த்தலாம். ஆனால் ஒரு சானல் 255இல் முட்டி நின்றுவிட்டால் நகர்த்துவதற்கு அங்கே எதுவுமே இல்லை. நீல எல்இடியில் முட்டுவது நீல சானல்தான், பல நேரம் மொத்த ஹிஸ்டோகிராமில் தெரியாது. ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் தனித்தனியாகப் பார்த்தால் வலது சுவரில் ஒட்டியிருப்பது தெரியும்.

அப்படியும் இடமில்லாமல் ஜேபெக் வைத்தே ஆகவேண்டும் என்றால், `Large`, `Fine` மட்டும். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று `Small`, `Basic` வைப்பவர்கள் உண்டு. அது பேக்கப் அல்ல, கான்டாக்ட் ஷீட். சில கேமராக்களில் ஜேபெக்குக்கே இரண்டு வகை இருக்கும்: அளவு மாறாமல் பார்த்துக்கொள்வது, தரம் மாறாமல் பார்த்துக்கொள்வது. முதலாவதில் எல்லா ஃபைலும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். விலை எங்கே என்றால், பூ அலங்காரம், நூறு பேர் நிற்கும் குரூப் போட்டோ மாதிரி நுணுக்கம் அதிகமான படத்தில்தான் அதிகமாக நசுக்கப்படும். பெரிதாக்க வேண்டிய படமும் அதுவாகத்தான் இருக்கும். நட்சத்திரக் குறி போட்ட `FINE★` மாதிரி தேர்வு இருந்தால் அது இரண்டாவது வகை, அதையே எடுங்கள். 10 எம்பி சராசரி வைத்தால் 2500க்கு 25 ஜிபி.

சிறகு_க்ளிக்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா. என்னிடம் 45 மெகாபிக்சல் பாடி, ஒரு ஸ்லாட் சிஎஃப் எக்ஸ்பிரஸ், ஒரு ஸ்லாட் எஸ்டி. `Backup` போட்டால் வேகமாக எடுக்கும்போது சீக்கிரமே திணறுகிறது. சிஎஃப் எக்ஸ்பிரஸ் கார்டு புதிது, நல்ல வேகம். கார்டில் கோளாறு இருக்குமா?

பிரிஸம்_45

கார்டு நன்றாகத்தான் இருக்கும். எஸ்டி ஸ்லாட்டில் என்ன இருக்கிறது?

சிறகு_க்ளிக்

பழைய எஸ்டி. வி30 என்று போட்டிருக்கிறது. யூஹெச்எஸ்-1 தான்.

பிரிஸம்_45

அங்கேதான் முட்டுகிறது. `Backup` முறையில் ஒரு ஃப்ரேம் இரண்டு கார்டிலும் எழுதி முடிந்தால்தான் பஃபரை விட்டு வெளியே போகும். ஆக வேகம் எப்போதும் மெதுவான கார்டின் வேகம். யூஹெச்எஸ்-1 பாதையின் உச்சமே 104 எம்பிதான். எழுதும்போது நொடிக்கு 60 கிடைக்கிறது என்று வைத்தால், 55 எம்பி லாஸ்லெஸ் ரா நொடிக்கு ஒன்றுதான் இறங்கும். நொடிக்கு 10 ஃப்ரேம் எடுக்கிறீர்கள், ஒன்று வெளியே போகிறது, ஒன்பது பஃபரில் தேங்குகிறது. பஃபர் 45 ஃப்ரேம் தாங்கும் என்றால் ஐந்து நொடியில் கதவு மூடிவிடும். சிஎஃப் எக்ஸ்பிரஸ் எத்தனை வேகமாக இருந்தாலும் அது காத்துக்கொண்டுதான் நிற்கும்.

வி30 என்பது நொடிக்கு 30 எம்பிக்குக் கீழே இறங்காது என்ற உறுதி மட்டுமே. அட்டையில் பெரிதாக அச்சிட்ட 170, 200 எல்லாம் பெரும்பாலும் படிக்கும் வேகம், அதுவும் அதற்கேற்ற ரீடரில்.

உங்களுக்கு மூன்று வழி. எஸ்டி கார்டை யூஹெச்எஸ்-2 வி60 அல்லது வி90ஆக மாற்றுவது. அல்லது பர்ஸ்ட் தேவைப்படும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் நொடிக்கு 4, 5 ஃப்ரேமுக்கு இறக்குவது. பெரும்பாலான கல்யாணக் காட்சிக்கு அது தாராளம். மூன்றாவது, உங்கள் பாடியில் `High Efficiency★` இருந்தால் அது. 55 எம்பி 35க்குள் வந்துவிடும்.

சிறகு_க்ளிக்

அந்த மூன்றாவதை எடுக்கலாமா? லாஸி என்கிறார்களே.

பிரிஸம்_45

லாஸிதான். என் அபிப்பிராயம்: கல்யாண வேலைக்கு எடுக்கலாம், கண்ணுக்கு வித்தியாசம் தெரிய வைப்பதே கஷ்டம். ஆனால் உங்கள் எடிட்டிங் சாஃப்ட்வேர் அதைத் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய பதிப்புகள் பல திறக்காது. நிகழ்ச்சிக்கு முன்னாலேயே ஒரு படம் எடுத்து, எடிட் செய்து, எக்ஸ்போர்ட் வரை போய்ப் பார்த்துவிடுங்கள்.

மேடைவிளக்கு

நான் போட மாட்டேன். ரெண்டு ஸ்டாப் அண்டர் ஆன படத்தைத் தூக்கும்போதுதான் ரா எதுக்குன்னே தெரியும். அந்த நேரத்துல இல்லாததைக் கேட்டா எங்கிருந்து வரும்?

பிரிஸம்_45

அது உங்கள் உரிமை. இருவருமே ஒரே படத்தை இரண்டு முறையிலும் மூன்று ஸ்டாப் குறைத்து எடுத்து, தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசுவதுதான் நியாயம்.

ஒளிச்சுவடி

`Backup` போடுவதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன, யாரும் சொல்லவில்லை.

ஒன்று, இரண்டு கார்டில் ஏதாவது ஒன்று நிரம்பினாலும் பல கேமராக்களில் ஷட்டர் விழாது. 128 ஒரு ஸ்லாட்டிலும் 64 இன்னொன்றிலும் போட்டால் அந்தப் பாடியின் கொள்ளளவு 64தான். ஜோடி எப்போதும் ஒரே அளவில் இருக்கவேண்டும், மாற்றும்போதும் ஜோடியாகவே மாற்றவேண்டும்.

இரண்டாவது இன்னும் மோசம். கார்டை மாற்றும் அவசரத்தில் ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால், பல கேமராக்கள் சத்தமே போடாமல் மீதமுள்ள ஒரே கார்டில் எழுதிக்கொண்டு போகும். பேக்கப் நடக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். திரையின் மூலையில் இரண்டு ஸ்லாட் சின்னங்களும் தெரிகிறதா என்று கார்டு மாற்றிய உடனே பார்ப்பது ஒன்றே வழி. இரண்டு ஸ்லாட்டும் காலியாக இருக்கும் நிலைக்கு `Slot empty release lock` என்பதை `LOCK`இல் வைக்கலாம். வேறு பிராண்டில் `Release shutter without card`. அதை ஆஃப் செய்யுங்கள். ஆனால் ஒரு கார்டு இருந்தால் இந்தப் பூட்டு தடுக்காது, அதை நினைவில் வைக்கவேண்டும்.

வைகறை

நல்லவேளை கேட்டேன். மதியம் இடைவேளையில் லேப்டாப்பில் காப்பி போட்டு, கார்டை ஃபார்மேட் செய்து திரும்பப் பயன்படுத்தலாம் என்றும் யோசித்திருந்தேன்.

பிரிஸம்_45

காப்பி போடுங்கள், ஃபார்மேட் வேண்டாம். உங்கள் கணக்கில் அதற்குத் தேவையும் இல்லை. அந்த இடைவேளையில் ஒரு லேப்டாப், ஒரு டிஸ்க், பாதி கவனம். காப்பி பாதியில் நின்றதா, ஒரு ஃபோல்டர் விட்டுப்போனதா என்று சரிபார்க்க நேரம் இருக்காது. கார்டில் 9999ஐத் தாண்டி எண் திரும்ப 0001இல் தொடங்கியிருந்தால் புதிய ஃபோல்டர் ஒன்று உருவாகியிருக்கும். அவசரத்தில் முதல் ஃபோல்டரை மட்டும் இழுத்துப் போடுவதற்கு நல்ல வாய்ப்பு.

இரண்டு பாடியும் ஒரே முன்னெழுத்தோடு `DSC_` என்று எழுதினால் ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது பெயர் மோதும். `File naming` மெனுவில் ஒன்றுக்கு `WDA`, இன்னொன்றுக்கு `WDB` என்று இப்போதே மாற்றிவிடுங்கள். இரண்டின் கடிகாரத்தையும் நொடி வரை ஒன்றாக வையுங்கள். இல்லாவிட்டால் நேர வரிசையில் அடுக்கும்போது மோதிரம் போடுவதற்கு முன்பே எல்லாரும் கைதட்டுவார்கள்.

ஒளிச்சுவடி

வீட்டுக்கு வந்த பிறகு: 120 ஜிபி, யூஹெச்எஸ்-1 ரீடரில் நொடிக்கு 90 எம்பி என்றால் 22 நிமிடம். யூஹெச்எஸ்-2 கார்டை யூஹெச்எஸ்-2 ரீடரில் போட்டால் அதில் பாதிகூட ஆகாது. எழுதப்படும் டிஸ்க் சுழலும் வகையாக இருந்தால் மட்டும் அது 110, 120இல் பிடித்துக்கொள்ளும்.

காப்பி முடிந்தது என்று கணினி சொல்வதோடு விட்டுவிடாமல், கார்டையும் டிஸ்கையும் ஒப்பிடுங்கள். எழுதிய டிஸ்கை ஒருமுறை கழற்றி மாட்டிவிட்டுச் செய்தால்தான் கணினி நினைவகத்திலிருந்து படிக்காமல் டிஸ்கிலிருந்தே படிக்கும்.

```
rsync -rcni card/DCIM/ disk/WDA/
```

`n` இருப்பதால் எதையும் எழுதாது, `c` ஒவ்வொரு ஃபைலின் உள்ளடக்கத்தையும் பார்க்கும். ஒன்றும் அச்சிடாமல் முடிந்தால் எல்லாம் பொருந்துகிறது. ஒரு பெயர் வந்தாலும் அந்த ஃபைலை மறுபடி எடுக்கவேண்டும். அளவை மட்டும் பார்த்தால் போதாதா என்பார்கள். அளவு சரியாக இருந்து, படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக வரும் ஃபைல் உண்டு.

நீலக்குடை

இப்போதாவது என் க்ளவுடுக்கு வரலாமா? :)

ஒளிச்சுவடி

வரலாம், ஆனால் அன்றிரவு அது காப்பாற்றாது. அப்லோட் 40 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 5 எம்பி. 120 ஜிபி ஏற ஆறரை மணி நேரத்துக்கும் மேல், நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால். அதனால் முதல் இரவுக்கு இரண்டு டிஸ்க், மூன்றாவதாகக் கார்டுகளே. முதல் ஸ்லாட் கார்டுகள் கேமராப் பையில், இரண்டாவது ஸ்லாட் கார்டுகள் உடம்போடு இருக்கும் பாக்கெட்டில். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டால் இரண்டு ஸ்லாட்டில் எழுதியதே வீண். க்ளவுடு ஏறி முடியும் வரை கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள்.

வைகறை

கடைசியாக அந்த 40 படம். இரண்டு ஸ்லாட்டும் ரா என்றால் இரவே அனுப்ப ஜேபெக் எங்கிருந்து வரும்? ரா+ஜேபெக் போட்டால்?

பிரிஸம்_45

40 படத்துக்காக 4000 படத்திலும் 10 எம்பி கூட்டவேண்டாம். அது 40 ஜிபி, பஃபருக்கும் சுமை. அதைவிட முக்கியம், மிட் ஜூம் பாடியில் 94 என்று போட்ட கணக்கு 125 ஆகும். 128 கார்டில் மூச்சுவிட இடமிருக்காது. ராவை ஜேபெக்காக மாற்றும் வசதி பல கேமராக்களின் மெனுவிலேயே இருக்கும். 40க்கு அது போதும், ஒயிட் பேலன்ஸும் எக்ஸ்போஷரும் அங்கேயே திருத்தலாம்.

ஒளிச்சுவடி

லேப்டாப் இருந்தால் இன்னும் சுலபம். ரா ஃபைலுக்குள்ளேயே ஒரு ஜேபெக் இருக்கிறது, கேமரா திரையில் நாம் பார்ப்பது அதைத்தான். தேர்ந்தெடுத்த 40 ராவை ஒரு ஃபோல்டரில் நகலெடுத்து, அந்த ஃபோல்டருக்குள் இருந்து:

```
exiftool -b -JpgFromRaw -w _JFR.JPG -ext NEF -r .
exiftool -ext NEF -r -tagsfromfile @ -srcfile %f_JFR.JPG -overwrite_original .
```

முதல் வரி படத்தை எடுக்கும். இரண்டாவது வரி இல்லாவிட்டால் தேதியும் திசையும் ஒட்டாது, செங்குத்தாக எடுத்தவை எல்லாம் படுத்துக் கிடக்கும். `NEF` இருக்கும் இடத்தில் உங்கள் கேமராவின் நீட்சியைப் போடுங்கள். சில பிராண்டுகளில் உள்ளே இருப்பது முழு அளவு, சிலவற்றில் 1616 பிக்சல் அகலம்தான். முதல் வரி எதையும் எடுக்காவிட்டால் `-JpgFromRaw` இடத்தில் `-PreviewImage` போடுங்கள். ஃபோனில் பார்க்க அதுவும் போதும்.

மேடைவிளக்கு

இதுக்கு பிக்சர் ஸ்டைல் சரியா இருக்கணுமே. நியூட்ரல்ல வெச்சா உள்ள இருக்கற ஜேபெக்கும் செத்துப் போய்த்தான் வரும்.

பிரிஸம்_45

ஆமாம், அங்கே ஒரு இழுபறி இருக்கிறது. ஹிஸ்டோகிராமும் ஹைலைட் எச்சரிக்கையும் அந்த ஜேபெக்கிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன. விவிட் வைத்தால் ராவில் உயிரோடு இருக்கும் வெள்ளை உடையையும் போய்விட்டதாகக் காட்டி நம்மை அண்டர் எடுக்க வைக்கும். நியூட்ரல் வைத்தால் ராவுக்கு நெருக்கமாகக் காட்டும், ஆனால் இரவு அனுப்பும் படம் சப்பென்று இருக்கும். நான் நியூட்ரலில்தான் வைப்பேன். அந்த 40ஐ மட்டும் கேமராவில் ஸ்டாண்டர்டாக மாற்றி எடுத்துக்கொள்ளலாம்.

மேடைவிளக்கு

ஸ்டாண்டர்டுலயே வெச்சு, கான்ட்ராஸ்ட்டை மட்டும் ரெண்டு புள்ளி குறைச்சா ரெண்டுக்கும் ஆகும். மறுபடி கன்வெர்ட் பண்ணிட்டு உக்கார வேண்டாம். அப்புறம், 128 கார்டு விஷயத்தை யாரும் பேசவே இல்ல.

பிரிஸம்_45

இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே ரா இருக்கும்போது 64ஆகப் பிரிப்பதில் எனக்குப் பெரிய லாபம் தெரியவில்லை. கார்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் காலி ஸ்லாட், தவறவிட்ட கார்டு என்ற ஆபத்தும் கூடவே வருகிறது. ஒரே ஸ்லாட் உள்ள பாடி என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி.

மேடைவிளக்கு

பாடியே தொலைஞ்சா? ரெண்டு ஸ்லாட்டும் அதுக்குள்ளதானே இருக்கு.

வைகறை

அப்படியானால் மிட் ஜூம் பாடியில் மட்டும் மதியத்தோடு ஜோடியை மாற்றினால்? பையில் மீதமிருக்கும் 64 இரண்டும் மதியத்துக்குப் பிறகு வரும் 1200 படத்துக்குப் போதும். பெரும்பாலும் இருட்டு என்பதால் 33 எம்பி வைத்தாலும் 40 ஜிபிதான்.

பிரிஸம்_45

போதும். பாடி தொலையும் கேள்விக்கு அது நல்ல பதில். மாற்றிய உடனே ஒளிச்சுவடி சொன்ன இரண்டு சின்னங்களையும் பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: அப்படிச் செய்தால் கையில் உதிரி கார்டு எதுவும் மிஞ்சாது. டெலி பாடியின் 64இல் ஏதாவது ஒன்று பழுதானால் மாற்றுக்கு ஆள் இல்லை. இன்னும் ஒரு 64 வாங்கிவிட்டு அந்தத் திட்டத்துக்குப் போங்கள்.